ஏற்காட்டு வீட்டின் உள்வேலை: ஒருபக்கக் கொட்டேஷன் வேலை வரம்பாக மாறிய விதம்

கொட்டேஷன் ஒரே பக்கம்தான். "மாடுலர் கிச்சன் 16 ரன்னிங் அடி. படுக்கையறை வார்ட்ரோப் 7 அடி. மாடி பாத்ரூம் புதுப்பிப்பு 1. பெயின்டிங் முழு வீடு, பட்டி, பிரைமர், இரண்டு கோட். மின்வேலை தனி." அதற்குக் கீழே மொத்தத் தொகை, கையெழுத்து, தேதி. சேலத்துப் பட்டறைகளிலிருந்து மலைக்குப் போகும் கொட்டேஷன்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தொகையைப் பற்றி ஒரு வாரம் பேரம் நடக்கும். வேலை என்ன என்பதைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேச்சு இருக்காது.

இங்கே எடுத்துக்கொண்டது ஏற்காட்டில் இருக்கும் 22 வருடப் பழைய இரண்டு படுக்கையறை வீடு. உரிமையாளர் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருப்பவர், சனி ஞாயிறுதான் மேலே போவார். ஒப்பந்ததாரரின் பட்டறையும் சேலத்தில்தான். வீடும் அளவுகளும் விலைகளும் ஒரு மாதிரி வேலைக்காக வைத்துக்கொண்டவை. சிக்கல்கள் மட்டும் மலை வீடுகளில் வழக்கமாக வருபவை. மேலே சொன்ன ஐந்து வரிகளை, கையெழுத்துக்கு முன்னால், சேர்ந்தவை, சேராதவை, ஏற்பு அளவுகோல் என்று எப்படிப் பிரித்து எழுத வேண்டும் என்பதே இந்த ஆய்வு.

16 அடியா, 14 அடியா, 12 அடியா

முதல் வரியிலேயே சிக்கல் இருக்கிறது. சமையலறை மேடை எல் வடிவம். ஒரு சுவர் 10 அடி, மறு சுவர் 6 அடி, மேடையின் அகலம் 2 அடி. இரண்டு சுவரோரமும் டேப் பிடித்தால் 16 அடி வரும். ஆனால் மூலையில் இருக்கும் 2 அடிக்கு 2 அடிச் சதுரம் இந்தக் கணக்கில் இரண்டு முறை சேர்ந்துவிடுகிறது. அதை ஒரு முறை மட்டும் கணக்கில் எடுத்தால் 10 அடியும் 4 அடியும், ஆக 14 அடி. மேடையின் முன்விளிம்பில் டேப் பிடித்தால் 8 அடியும் 4 அடியும், அதாவது 12 அடிதான். மேடை ஒன்றே, அளவு மூன்று. மூன்றில் எதுவும் ஏமாற்று இல்லை, மூன்றுமே புழக்கத்தில் உள்ள முறைதான். எந்த முறை என்று எழுதாததுதான் தப்பு.

கிரானைட்டுக்கும் இதே கதை. போடப்பட்ட கல் 14 அடிக்கு 2 அடி, 28 சதுர அடி. சுவரோர அளவில் பில் போட்டால் 32 வரும். கடையில் பலகையாக வாங்கிய அளவில் போட்டால் வெட்டிப் போன கழிவும் சேர்ந்து இன்னும் ஏறும்.

வார்ட்ரோப்பில் வித்தியாசம் இதைவிடப் பெரியது. அகலம் 7 அடி, உயரம் 7 அடி, அதற்கு மேல் கூரை வரை 2 அடி லாஃப்ட். முன்பக்கப் பரப்பு லாஃப்ட் இல்லாமல் 49 சதுர அடி, லாஃப்டுடன் 63. பேச்சுக்குச் சதுர அடி 1,500 ரூபாய் என்று வைத்தால் 73,500க்கும் 94,500க்கும் நடுவே 21,000 ரூபாய் நிற்கிறது. கொட்டேஷனில் "வார்ட்ரோப் 7 அடி" என்று மட்டும் இருப்பதால், உரிமையாளர் மனதில் லாஃப்ட் இருக்கிறது, ஆசாரி மனதில் இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்டது ஒரே தாளில்தான்.

அதனால் வேலை வரம்பின் முதல் பத்தியில் பொருளும் பிராண்டும் வருவதற்கு முன்னால் அளவு முறை வரவேண்டும். இந்த வீட்டுக்கு எழுதியது:

> சமையலறைக் கீழ்ப்பெட்டிகளின் நீளம் சுவரோரம் அளக்கப்படும்; மூலை ஒரு முறை மட்டும் கணக்கில் சேரும். மொத்தம் 14 ரன்னிங் அடி. வார்ட்ரோப் முன்பக்கப் பரப்பில் அளக்கப்படும். பக்கப் பலகை, பின்பலகை, உள்தட்டு ஆகியவற்றுக்குத் தனி அளவு கிடையாது. லாஃப்ட் சேர்த்து 63 சதுர அடி. கிரானைட் போட்ட அளவுக்கு மட்டும். கழிவு ஒப்பந்ததாரரைச் சேர்ந்தது.

சேர்ந்தவை: ஒரு வரியை விரித்தால்

எல்லா வரியையும் இங்கே விரிக்க இடமில்லை. வார்ட்ரோப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பிளைவுட் என்று எழுதினால் போதாது. ஐ.எஸ். 303 தரத்தில் ஈரப்பதம் தாங்கும் வகை ஒன்று, கொதிநீர் தாங்கும் வகை ஒன்று உண்டு. ஐ.எஸ். 710 மரைன் வகை. ஒட்டும் பசையின் சோதனையில்தான் இவற்றுக்குள் முக்கிய வித்தியாசம். 710 வகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாமல் இருக்க வேண்டும். 303-இன் கொதிநீர் வகைக்கு இவ்வளவு கடுமையான சோதனை கிடையாது. சேலத்து வறண்ட வெயிலில் படுக்கையறை வார்ட்ரோப்புக்கு 303 கொதிநீர் வகையே தாராளம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வரும் வீட்டில் சுவரை ஒட்டி நிற்கும் பெட்டிக்கு 710 கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதே வீட்டு டிவி அலமாரிக்கும் 710 வேண்டும் என்பது வீண் செலவு.

அடுத்தது கனம். "18 மி.மீ." என்ற பெயரில் 16 மி.மீ. பலகை வருவது சாதாரணம். 6 மி.மீ. முதல் மேலே உள்ள பலகைக்குக் கூட்டவோ குறைக்கவோ 5 சதவீதம் வரை தரநிலை அனுமதிக்கிறது. 18 மி.மீ. பலகை 17.1 வரை இறங்கலாம் என்று பொருள். வெர்னியரில் 16.2 காட்டினால் அது 18 அல்ல.

இதையெல்லாம்விட முக்கியமான வரி ஒன்று உண்டு. கொட்டேஷனில் அது வந்தே பார்த்ததில்லை: ஷட்டரின் உள்பக்கம் என்ன? 7 அடி உயரக் கதவின் வெளியே 1 மி.மீ. லேமினேட் ஒட்டி, உள்ளே பெயின்ட் மட்டும் அடித்தால், வெளிமுகம் அடைபட்டிருக்கும், உள்முகம் மூச்சு விடும். சேலத்துப் பட்டறையில் காய்ந்த நிலையில் அது நேராகத்தான் இருக்கும். மலைக்குப் போய் ஒரு மழைக்காலம் பார்த்ததும் உள்முகம் ஈரம் குடித்து விரியும், பலகை வளையும். கதவைச் சாத்தினால் மேல் மூலையும் கீழ் மூலையும் வெளியே எட்டிப்பார்க்கும். கீலைத் திருகித் திருகிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். கீல் கதவை நகர்த்தும், வளைவை எடுக்காது. எனவே:

> ஷட்டர்: 18 மி.மீ. ஐ.எஸ். 710 பிளைவுட். இருபுறமும் 1 மி.மீ. லேமினேட். நான்கு விளிம்பும், கீழ் விளிம்பு உட்பட, 2 மி.மீ. பி.வி.சி. விளிம்புப் பட்டை. 7 அடி ஷட்டர் ஒன்றுக்கு 5 கீல், லாஃப்ட் ஷட்டர் ஒன்றுக்கு 2. நான்கு 7 அடி ஷட்டருக்கும் நான்கு லாஃப்ட் ஷட்டருக்கும் மொத்தம் 28 சாஃப்ட் க்ளோஸ் கீல்கள்.

கீழ் விளிம்பைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் பட்டை ஒட்டாமல் விடுவது பட்டறை வழக்கம். வீடு துடைக்கும் தண்ணீர் ஏறுவதும் அந்த விளிம்பில்தான்.

சேராதவை: வாங்குவது, பொருத்துவது, இணைப்பது

"மின்வேலை தனி." இந்த இரண்டு சொல்லைப் பாதுகாப்பு என்று நினைத்து ஒப்பந்ததாரர் எழுதுகிறார். நடப்பது என்ன? பெட்டிகள் பொருத்தி முடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் வருகிறார். சிம்னிக்குப் பாயின்ட் எங்கே என்று கேட்கிறார். அது பெட்டிக்குப் பின்னால் வரவேண்டியது. "அது எங்க வேலை இல்லீங்க, கொட்டேஷன்லயே போட்டிருக்கோமுங்க" என்கிறார் ஒப்பந்ததாரர். சொல்வது சரிதான். ஆனால் பெட்டியைக் கழற்றி மறுபடி மாட்டும் கூலி யாருடையது என்று அந்தத் தாளில் இல்லை.

சேராதது என்று எழுதும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயம் வேண்டும்: அப்படியானால் யார் செய்வார், எந்தக் கட்டத்துக்கு முன்னால் முடித்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத விலக்கு, வேலையை யாருக்கும் சொந்தமில்லாமல் நடுவில் விட்டுவிடும்.

இந்த நடுவெளி எங்கே உருவாகும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வீட்டில் பொருத்தப்போகும் ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று வினை உண்டு: வாங்குவது, பொருத்துவது, இணைப்பது. மூன்றையும் ஒரே ஆள் செய்தால் பிரச்சினையே இல்லை. பிரிந்தால்தான் சண்டை. சிங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குவது உரிமையாளர். கல்லில் துளை வெட்டுவது கிரானைட்காரர். கல்லுக்கு அடியில் ஒட்டி நிறுத்துவது யார்? கழிவுக் குழாயை மாட்டுவது பிளம்பர். கல்லுக்கும் சிங்க்குக்கும் நடுவே சிலிகான் அடிப்பது யார்? அந்தச் சிலிகான் 200, 300 ரூபாய் சமாச்சாரம். அதை யாரும் அடிக்காமல் விட்டால் கீழே இருக்கும் பெட்டியின் பக்கப்பலகை ஆறே மாதத்தில் ஊதிவிடும்.

இந்த வீட்டில் மூன்று வினையும் பிரிந்த சாமான்கள் ஐந்து: சிங்க், சிம்னி, ஹாப், கீசர், வார்ட்ரோப் உள்விளக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதப்பட்டது. சிம்னிக்கானது:

> சிம்னி: உரிமையாளர் வாங்குவார், மாடல் எண்ணைப் பெட்டி வெட்டும் முன் எழுத்தில் தருவார். சுவரில் 6 அங்குலத் துளை, குழாய், வெளிமூடி: ஒப்பந்ததாரர். 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மி.மீ. வயர்: உரிமையாளரின் எலக்ட்ரீஷியன், மேல்பெட்டி மாட்டும் முன். மாட்டி ஓட்டிக் காட்டுவது: சிம்னி கம்பெனி ஆள்.

துளையின் அளவை மாடலுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். மாடல் எண் எப்போது வரவேண்டும் என்பதை மட்டும் விடக்கூடாது. தள்ளுபடிக்குக் காத்திருந்து சிம்னியைக் கடைசியில் வாங்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

சேராதவற்றில் இன்னொரு வகை, உடைத்தால்தான் தெரிபவை. 22 வருட வீட்டின் பாத்ரூம் சுவருக்குள் பழைய இரும்புக் குழாய் இருக்கலாம், அது உள்ளே துருப்பிடித்துப் பாதி அடைபட்டிருக்கலாம். டைல்ஸை எடுக்கும் வரை யாருக்கும் தெரியாது. இதைச் "சேர்ந்தது" என்று போட்டால் ஒப்பந்ததாரர் பயந்து மொத்தத் தொகையை ஏற்றுவார். "சேராது" என்று போட்டால், சுவர் திறந்து கிடக்கும் நாளில், உரிமையாளர் சேலத்தில் இருக்கும்போது, போனில் விலை பேச வேண்டிவரும். பேரத்துக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. நடுவழி ஒன்று உண்டு: குழாய் மாற்றம் தொகையில் சேராது, ஆனால் தேவைப்பட்டால் ரன்னிங் அடிக்கு இன்ன விலை, சுவர் வெட்டிப் பூசுவது உட்பட, என்று இன்றே எழுதி வைத்துக்கொள்வது. எத்தனை அடி என்பது மட்டும் அன்றைக்குத் தெரிந்தால் போதும்.

ஓதச் சுவர்

வார்ட்ரோப் நிற்கப்போகும் சுவர் மேற்கு வெளிச்சுவர். அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்திருக்கிறது. கொட்டேஷனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயின்டிங் வரியில் "பட்டி, பிரைமர், இரண்டு கோட்" என்று இருக்கிறது. ஓதச் சுவரில் பட்டி வைத்தால் அடுத்த மழைக்கு உரிந்து விழும். வார்ட்ரோப்பை அதன்மேல் சாத்தி வைத்தால் உரிவது வெளியே தெரியாது, ஆனால் பின்பலகையில் பூஞ்சை பிடிக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் யார் பொறுப்பு என்று எழுத முடியும். அதற்கு மீட்டர் இல்லாமலே ஒரு சோதனை உண்டு. இரண்டடிச் சதுரமாகக் கெட்டியான பாலிதீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளின் உள்முகத்தில், அதாவது சுவரைப் பார்த்த பக்கத்தில், நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. வெளிமுகத்தில் மட்டும் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், காற்றோட்டத்தால் தீரும். வெயில் காலத்தில் செய்த சோதனையில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. அப்படியானால் பொரிந்த பெயின்டையே சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வீட்டுக்கு உள்முகம் நனைந்தது என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுவரின் விரிசலை அடைப்பதும் பூசுவதும் கொத்தனார் வேலை. உள்வேலை ஒப்பந்ததாரரின் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை. ஆனால் "ஓதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரு வரியில் கைகழுவ விடுவதும் நியாயமில்லை, ஏனென்றால் நனைந்த சுவரில் பலகையைச் சாத்தப்போவது அவர்தான். எழுதியது இப்படி:

> மேற்குச் சுவரின் வெளிப்பூச்சுச் சீரமைப்பு இந்த வேலையில் சேராது. உரிமையாளர் தனியாகச் செய்வார். அது முடிந்த பிறகு பாலிதீன் சோதனை மீண்டும் செய்யப்படும். உள்முகம் காய்ந்திருந்தால் மட்டுமே வார்ட்ரோப் பொருத்தப்படும். காயாமல் பொருத்தச் சொன்னால் உரிமையாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் பொருத்தினால் பின்பலகைக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பு. பின்பலகைக்கும் சுவருக்கும் 1 அங்குல இடைவெளி. அடிப்பட்டையிலும் மேல்பகுதியிலும் காற்றுத் துளை.

நீளமான வரிதான். ஆனால் மலை வீட்டில் பிறகு வரும் தகராறுகளில் பெரியது இந்தச் சுவர்தான். மற்ற இடத்தில் சுருக்கலாம், இங்கே வேண்டாம்.

ஏற்பு: எதை வைத்து, எப்போது, யார் முன்னால்

"நல்ல தரமாக, நேர்த்தியாக முடித்துத் தரப்படும்" என்ற வரியை எழுதாமலே விடலாம். நேர்த்தி என்பதை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். ரசமட்டத்தையும் டேப்பையும் அப்படிப் பார்க்க முடியாது.

வார்ட்ரோப்புக்கு இந்த வேலையில் மூன்றே சோதனை. ஒன்று, பக்கத்துப் பக்கத்து ஷட்டருக்கு நடுவே இடைவெளி 2 முதல் 3 மி.மீ., மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக. இதற்கு 2 மி.மீ. விளிம்புப் பட்டைத் துண்டே அளவுகோல். எல்லா இடத்திலும் நுழைய வேண்டும், எங்கேயும் லொடலொடக்கக் கூடாது. மலையில் இதை 1.5-க்குக் குறைக்கச் சொல்லக்கூடாது, ஈரக்காலத்தில் உரசும். இரண்டு, ஷட்டரின் மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் நூல் இழுத்துப் பிடித்தால் நடுவில் வளைவு 3 மி.மீ.க்கு மேல் கூடாது. மூன்று, இழுப்பறையில் 10 கிலோ அரிசிப் பை வைத்து இருபது முறை இழுத்து மூட வேண்டும். முனகல், தொங்கல் இல்லாமல் தானாக அடங்க வேண்டும். இந்த எண்கள் எந்தத் தரநிலையிலிருந்தும் எடுத்தவை அல்ல, இருதரப்பும் ஒப்புக்கொண்டவை. வேறு எண் வைத்தாலும் சரிதான், எண் என்று ஒன்று இருக்க வேண்டும்.

பலகையின் தரத்தைப் பொருத்தி முடிந்த பிறகு சோதிக்க முடியாது, லேமினேட் எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் அந்த ஏற்பு பட்டறையிலேயே நடக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பலகையிலும் தரமுத்திரையும் ஐ.எஸ். எண்ணும் தெரியும்படி ஒரு படம், வெர்னியர் வைத்த ஒரு படம். உரிமையாளர் ஃபேர்லேண்ட்ஸ்காரர் என்பதால் நேரிலேயே போய்ப் பார்க்கலாம். மலைக்குப் போய்ப் பார்ப்பதைவிடச் சுலபம்.

மூடப்படும் வேலை ஒவ்வொன்றுக்கும் இதே விதி: மூடும் முன் ஏற்பு. மாடி பாத்ரூமில் இது கட்டாயம், காரணம் அதற்கு நேர் கீழே சாப்பாட்டு அறை.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதினோம். பழைய டைல்ஸையும் காரையையும் எடுத்துத் தளத்தைச் சுத்தம் செய்த பிறகு, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட். தரை முழுக்க, சுவரில் ஓரடி உயரம், ஷவர் விழும் சுவரில் ஆறடி. பூச்சு காய்வதற்கு அதன் கம்பெனி டப்பாவில் சொன்ன நாள் வரை காத்திருக்க வேண்டும். பிறகு தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி டிராப் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, வாசல்படியில் இரண்டு அங்குல உயரத்துக்குச் சிறு அணை கட்டி, ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விட வேண்டும். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். அருகில் ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பக்கெட்டில் இறங்கிய அளவே தரையிலும் இறங்கியிருந்தால் அது காற்றில் போனது. தரையில் அதிகம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. டிராப் அடைப்பு வழியாகவும் கசியலாம், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கீழே சாப்பாட்டு அறைக் கூரையில் பழைய கசிவுக் கறை ஏற்கெனவே இருந்தால் சோதனைக்கு முன்பே அதன் ஓரத்தைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து படம் எடுத்து வைக்க வேண்டும். "இது பழைய கறை", "இல்லை, புதுசு" என்ற வாதத்தை அந்த ஒரு கோடு முடித்துவிடும்.

> ஏற்பு: 48 மணி நேரம் கழித்துச் சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே புது ஈரம் இல்லை, தரை நீர்மட்டம் பக்கெட் மட்டத்தைவிட அதிகம் இறங்கவில்லை. இருதரப்பும் கையெழுத்திட்ட பிறகே டைல்ஸ் தொடங்கும். தோற்றால் சரிசெய்து மறுசோதனை, ஒப்பந்ததாரர் செலவில்.

டைல்ஸ் போட்ட பின் இரண்டு சோதனை போதும். பாத்ரூமின் 7 அடி நீளத்துக்கு வாசலிலிருந்து டிராப் வரை ஓர் அங்குலச் சரிவு. ஒரு பக்கெட் தண்ணீரை வாசலோரம் கொட்டிக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் எங்கும் தேங்கி நிற்கக் கூடாது. அடுத்து நாணயத்தால் தட்டிப் பார்ப்பது. மூலையில் பொள்ளென்று சத்தம் வரும் டைல்ஸை எடுத்துப் போட வேண்டும், நடுவில் உள்ளங்கை அளவுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கலாம். ஷாம்பூ பாட்டில் விழுந்து உடைவது மூலைதான், நடு அல்ல.

மலை ஏறும் செலவு

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. எட்டடிக்கு நாலடி பலகை சின்ன லாரியில் ஏறிவிடும், அதில் சிக்கல் இல்லை. பட்டறையிலேயே கோத்த 7 அடிப் பெட்டிதான் பிரச்சினை. வீட்டு மாடிப்படியிலும் வாசலிலும் திரும்பாது. அதனால் வார்ட்ரோப் மூன்றரை அடி அகலத்தில் இரண்டு பெட்டியாக வரும் என்று எழுதப்பட்டது. நடுவில் இரட்டைப் பலகை தெரியும். முன்கூட்டியே எழுதாவிட்டால் அதுவே ஒரு குறையாகப் பேசப்படும்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை தோட்டத்துக்குள் நடைபாதை. தலைச்சுமைக் கூலி சேர்ந்ததா? உடைத்த டைல்ஸும் காரையும் எங்கே போகும்? "குப்பை அகற்றுதல் சேர்ந்தது" என்று மட்டும் எழுதினால் வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொட்டிவிட்டு முடிந்தது என்பார்கள். மூட்டையில் கட்டி வண்டியில் கீழே இறக்கி அப்புறப்படுத்துவது வரை சேர்ந்தது என்று எழுத வேண்டும். ஆட்கள் தங்குவது இந்த வேலையில் உரிமையாளர் பொறுப்பு, அதே வீட்டின் இரண்டாவது அறையில். சாப்பாடு ஒப்பந்ததாரருடையது. மே மாதக் கோடை விழா நாட்களில் சாமான் ஏற்றுவதில்லை என்பதையும் கால அட்டவணையில் போட்டாகிவிட்டது, அந்த நாட்களில் மலைப்பாதை நிற்கும் நிலை உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தொகைக்குள்ளா, மேலேயா என்பது ஒரு வரி. அதையும் எழுதிவிட வேண்டும்.

மாற்றமும் பணமும்

வேலை நடுவில் உரிமையாளர் வீட்டம்மா வந்து, இழுப்பறை இரண்டு போதாது, நான்கு வேண்டும் என்பார். அதைத் தடுக்க எந்தத் தாளாலும் முடியாது. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக என்ன மாற்றம், எவ்வளவு கூடுதல், எத்தனை நாள் தள்ளும் என்று மூன்றும் வந்து, மறுதரப்பு "சரி" என்று பதில் போட்டால் மட்டும் அது மாற்றம். ஆசாரியிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. இந்த வரியை ஆசாரிக்கும் படித்துக் காட்டிவிட வேண்டும், வாய்மொழிச் சொல்லெல்லாம் வந்து சேருவது அவரிடம்தான்.

பணத் தவணைகளை நாட்களோடு கட்டாமல் ஏற்போடு கட்டினோம். முன்பணம் போக, பட்டறையில் பலகை ஏற்பு முடிந்ததும் ஒரு தவணை, நீர்ச்சோதனை முடிந்ததும் ஒன்று, பெட்டிகள் பொருத்தி ஷட்டர் சோதனை முடிந்ததும் ஒன்று. மீதி 5 சதவீதம் நிறுத்திவைப்பு.

அந்த 5 சதவீதத்தை எவ்வளவு நாள் நிறுத்துவது என்பதில்தான் பேச்சு நீண்டது. வழக்கமாகக் கேட்பது மூன்று மாதம். வேலை ஜூன் கடைசியில் முடிந்தால் செப்டம்பர் இறுதியில் பணம் போய்விடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்கும். ஷட்டர் வளைவதும் விளிம்புப் பட்டை விடுவதும் மேற்குச் சுவர் மறுபடி நனைவதும் அதற்குப் பிறகுதான் முழுமையாகத் தெரியும். ஒப்பந்ததாரர் ஆறு மாதத்துக்கு மேல் நிற்க முடியாது என்றார். அதனால் தொகையை இரண்டாகப் பிரித்தோம். பாதி செப்டம்பரில். மறுபாதி ஜனவரி முதல் வாரத்தில், அதே நூல், அதே பட்டைத் துண்டு, அதே பாலிதீன் தாளோடு இருதரப்பும் மேலே போய்ப் பார்த்த பிறகு.